மண்டபத்தில் லேப்டாப் பாட்டு தடுமாறினால் என்ன செய்வது

காலையில் கோயிலில் தாலிகட்டு, மாலையில் மண்டபத்திலோ ஹோட்டலிலோ டின்னர். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர் கல்யாணம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. காலை நிகழ்ச்சியை நாதஸ்வரமும் தவிலும் பார்த்துக்கொள்ளும். டி.ஜே. வைக்காத வீடுகளில் மாலைப் பொறுப்பு மாப்பிள்ளையின் சித்தப்பா மகனிடமும் அவனுடைய லேப்டாப்பிடமும் வந்து சேரும். மண்டபத்து சவுண்ட் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்களை அவன் கூப்பிடும்போது சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, பாட்டு சரியா வரல."

சரியாக வராததில் பல வகை உண்டு. காதில் என்ன கேட்கிறது என்பதை வைத்துத்தான் காரணத்தைப் பிடிக்க முடியும். அதனால் இதையும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பையும் ஸ்பாட்டிஃபையையும் மனத்தில் வைத்து எழுதியது இது. யூடியூப் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இரண்டு வேலை

முதல் வேலை, மௌனத்தை மூடுவது. ஒரு கைப்பேசியில் அதே பாட்டுகளை இறக்கி, ஃபிளைட் மோடில் போட்டு, தனி கேபிளில் மிக்சரின் வேறொரு சேனலில் செருகி வைத்திருக்க வேண்டும். அந்தச் சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் கீழே இருக்கட்டும். லேப்டாப் படுத்தால் அதன் ஃபேடரை இறக்கி, கைப்பேசியின் ஃபேடரை ஏற்றுங்கள். இது இரண்டு விரல் வேலை. அதற்குப் பிறகு லேப்டாப்பை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிதானமாக ஆராயலாம். ஐந்நூறு பேர் திரும்பிப் பார்க்கும்போது யாருக்கும் மெனு கண்ணில் படாது.

இரண்டாவது வேலை, கோளாறு லேப்டாப்பிலா அதற்கு அப்பாலா என்று பிரிப்பது. லேப்டாப் சேனலின் ஃபேடர் கீழே இருப்பதை உறுதி செய்துகொண்டு கேபிளைப் பிடுங்கி, அதே துளையில் ஒரு ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். ஃபேடரை இறக்காமல் பிடுங்கினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று வெடிக்கும், முன்வரிசைப் பாட்டிகள் துள்ளுவார்கள். ஹெட்ஃபோனிலும் அதே கோளாறு கேட்டால் சிக்கல் லேப்டாப்பில் இருக்கிறது. ஹெட்ஃபோனில் சுத்தமாகக் கேட்டால் கேபிளில் தொடங்கி மிக்சர் பக்கமாகத் தேடுங்கள்.

## பாட்டுக்கு நடுவே விளம்பரம் வருகிறது

முதலில், லேப்டாப்பில் எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று பாருங்கள். "நான் மாசாமாசம் காசு கட்டுறேனே" என்பார்கள். காசு கட்டுவது கைப்பேசியில் இருக்கும் கணக்குக்கு. லேப்டாப்பில் திறந்திருப்பது எப்போதோ வேறு மின்னஞ்சலில் தொடங்கிய இலவசக் கணக்கு. லேப்டாப் தங்கச்சியுடையது என்றால் கணக்கும் தங்கச்சியுடையதாக இருக்கும். வெளியேறி, சரியான கணக்கில் நுழைந்தால் விளம்பரம் நின்றுவிடும்.

கணக்கு சரிதான், ஆனாலும் விளம்பரம் வருகிறது என்றால் சந்தா காலாவதியாகியிருக்கும். வங்கி அட்டை மாறி, மாதக் கட்டணம் போகாமல் நின்றிருந்தால் கணக்கு இலவச வகைக்கு இறங்கிவிடும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே கணக்குப் பக்கத்தில் அடுத்த கட்டணத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

யூடியூப்பில் ஓட்டுபவர்களுக்கு விளம்பரத்தை நிறுத்தும் நம்பகமான வழி யூடியூப் பிரீமியம் ஒன்றுதான். விளம்பரத் தடுப்பானை நம்பி வருபவர்களை நான் பயமுறுத்தித்தான் அனுப்புவேன். காலையில் ஒத்திகையில் வேலை செய்தது இரவில் வேலை செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. மணமக்கள் உள்ளே நுழையும் பாட்டுக்கு முன்னால் ஷாம்பு விளம்பரம் ஓடினால், அந்த வீடியோ குடும்பத்தின் வாட்சாப் குழுவை விட்டு என்றைக்கும் போகாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சந்தாக்கள் சொந்தமாகக் கேட்பதற்காகத் தரப்படுபவை. பொது இடத்தில் பாட்டு ஒலிக்க விடுவதற்கான உரிமம் தனி விஷயம். மண்டபம் பிடிக்கும்போதே அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## பாட்டு விட்டு விட்டு வருகிறது, அல்லது சுழன்றுகொண்டே நிற்கிறது

நெட்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். ஆனால் மண்டபத்தில் நெட்டைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. மாலை ஐந்து மணிக்கு, நாற்காலிக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கும்போது வைஃபை பறக்கும். எட்டு மணிக்கு அதே வைஃபையில் நூறு பேர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறலாம் என்றால், ஹோட்டலின் கீழ்த்தளத்து பால்ரூமில் சிக்னலே ஒரு கோடுதான் காட்டும். சிக்னல் நன்றாக உள்ள இடத்திலும் விருந்தினர்களில் பாதிப் பேர் நேரலை போட்டுக்கொண்டிருப்பார்கள். சில ஹோட்டல்களின் வைஃபை, குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் மறுபடி பெயரும் அறை எண்ணும் கேட்டுப் பக்கம் திறக்கும். அந்தப் பக்கம் உங்கள் பாட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

அதனால் நெட்டே இல்லாமல் ஓட்டுவதுதான் தீர்வு. ஸ்பாட்டிஃபை பிரீமியம் என்றால், அன்றைய பாட்டுகளை எல்லாம் ஒரு பிளேலிஸ்ட்டில் போட்டு, மேலே உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். இதற்கு லேப்டாப்பில் நிறுவிய செயலி வேண்டும். பிரவுசரில் திறக்கும் ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைக்க முடியாது. ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் பச்சை அம்பு வந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பாருங்கள். பிளேலிஸ்ட் தலைப்பை மட்டும் பார்த்துத் திருப்திப்படுபவர்களுக்கு மூன்றாவது பாட்டில் மாட்டும்.

அப்புறம், `File` மெனுவில் `Offline Mode` என்பதைத் தட்டி, வீட்டிலேயே வைஃபையை அணைத்துவிட்டு முழுப் பட்டியலையும் ஒரு முறை தாவித் தாவி ஓட்டிப் பாருங்கள். ஓடாத பாட்டு மங்கலாகத் தெரியும்.

இதில் இரண்டு வரம்புகள் உண்டு. 30 நாளுக்கு ஒரு முறையாவது அந்த லேப்டாப் நெட்டைத் தொட வேண்டும். ஒரே கணக்கில் ஐந்து கருவிகளுக்கு மேல் இறக்கி வைக்க முடியாது. ஆறாவதில் இறக்கினால் முந்தைய கருவி ஒன்றில் இருப்பது அழிந்துவிடும். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முந்தைய வாரம் புதுக் கைப்பேசி வாங்கி அதில் பாட்டு இறக்கினால், உங்கள் லேப்டாப் வெறும் ஆளாக நிற்கலாம். அதனால் இறக்கியதை முந்தின இரவும் ஒரு முறை பாருங்கள்.

கேபிள் இல்லாமல் புளூடூத்தில் ஓட்டிக்கொண்டிருந்து விட்டு விட்டு வந்தால் கதை வேறு. காலியான மண்டபத்தில் எட்டும் புளூடூத், நடுவில் கூட்டம் நின்றால் எட்டாது. மனித உடம்பு அந்த அலையை விழுங்கிவிடும். அதைத் திருத்தப் பார்க்காமல் கேபிளுக்கு மாறிவிடுங்கள்.

## பாட்டு தானாக நிற்கிறது, தானாக வேறு பாட்டு வருகிறது

பேய் இல்லை. வீட்டில் குழந்தைகளோடு தங்கிய யாரோ அதே கணக்கில் கார்ட்டூன் பாட்டு போட்டிருக்கிறார்கள். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஓடும் என்பதால் மண்டபத்தில் நின்றுவிடும். இதைவிட மோசம், அவர்கள் கையில் இருக்கும் செயலி மண்டபத்து லேப்டாப்பையே தொலைவிலிருந்து இயக்குவது. அவர்கள் பாட்டை மாற்றினால் இங்கே மாறும். மேலே சொன்ன `Offline Mode` இரண்டையும் அடைத்துவிடும். நெட்டில் இல்லாத லேப்டாப்பை யாரும் தொட முடியாது.

பட்டியல் முடிந்தபின் அறிமுகமில்லாத பாட்டு ஓடத் தொடங்கினால் அது `Autoplay`. அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். யூடியூப்பில் வெகுநேரம் யாரும் தொடாவிட்டால் `Video paused. Continue watching?` என்று கேட்டு நிற்கும். சாப்பாட்டு நேரம் நீளமாகப் போகும் கல்யாணங்களில் சரியாகப் பிரியாணி பரிமாறும்போது இது வரும்.

லேப்டாப்பே தூங்கிப் போயிருந்தால், திரை கறுப்பாக இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் `cmd` என்று தட்டித் திறந்து, கீழுள்ளதை ஒவ்வொரு வரியாக இடுங்கள்:

```
powercfg /change standby-timeout-ac 0
powercfg /change standby-timeout-dc 0
```

முதல் வரி சார்ஜரில் இருக்கும்போது, இரண்டாவது வரி யாராவது சார்ஜரைப் பிடுங்கிவிட்டபோது. மூடியைச் சாத்தினாலும் தூங்காமல் இருக்க, கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் `Choose what closing the lid does` என்பதைத் திறந்து `Do nothing` என்று வைக்க வேண்டும். மேசை மேல் பூத்தட்டு வைக்க இடமில்லாமல் மூடியைச் சாத்திவிடும் அத்தை எல்லாக் கல்யாணத்திலும் உண்டு.

## பாட்டு நடுவில் 'டிங்' என்கிறது, அல்லது திடீரென்று சத்தம் குறைந்து போகிறது

'டிங்' என்பது அறிவிப்பு ஒலி. வாட்சாப் லேப்டாப்பிலும் திறந்திருந்தால் அழைப்பு மணியே ஸ்பீக்கரில் அலறும். சத்தம் திடீரென்று ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக ஏறினால், விண்டோஸ் ஒரு அழைப்பு வருவதாக நினைத்து மற்ற ஒலியை 80 விழுக்காடு குறைத்திருக்கிறது. அது அதன் இயல்பான அமைப்பு.

விண்டோஸ் சாவியோடு `R` அழுத்தி இதைத் தட்டுங்கள்:

```
mmsys.cpl
```

திறக்கும் ஜன்னலில் `Sounds` பக்கத்தில் `No Sounds`, `Communications` பக்கத்தில் `Do nothing`. இந்த ஜன்னலை மறக்காதீர்கள், கீழே இன்னும் இரண்டு இடத்தில் வேண்டும். பாட்டை இறக்கி வைத்தாகிவிட்டது என்றால், லேப்டாப்பையே ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம். முந்தின நாளே ஒரு முறை அணைத்து ஏற்றி, காத்திருக்கும் விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிடுங்கள். இறங்கி முடித்த அப்டேட் ஏர்பிளேன் மோடிலும் மறுதொடக்கம் கேட்கும்.

## பாட்டு ஓடுகிறது, ஆனால் சத்தமே இல்லை

செந்தூலில் ஒரு டின்னர். மணமக்கள் வாசலில் நிற்கிறார்கள், நுழைவுப் பாட்டு தொடங்கியாகிவிட்டது, பாதியில் பொட்டென்று மௌனம். எம்சியின் மைக் நன்றாக வேலை செய்கிறது. லேப்டாப் திரையில் பாட்டின் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான்.

மிக்சரைப் பார்த்தேன். மைக் சேனலின் பச்சை விளக்கு எம்சி பேசும்போதெல்லாம் மினுக்குகிறது. லேப்டாப் சேனலின் விளக்கு இருட்டாக இருக்கிறது. அதாவது ஸ்பீக்கர், ஆம்பிளிஃபையர், மிக்சர் எல்லாம் நலம்; லேப்டாப்பிலிருந்து மிக்சருக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஆனால் லேப்டாப் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் அது வேறு எங்கேயோ பாடுகிறது. லேப்டாப்பின் மறுபக்கத்தில் பார்த்தால் ஒரு புதிய ஒயர் தொங்குகிறது. மேடைக்குப் பின்னால் இருந்த எல்.இ.டி. திரையில் மணமக்களின் சிறுவயதுப் படங்களை ஓட்டுவதற்காக மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் அப்போதுதான் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியிருக்கிறார். எச்.டி.எம்.ஐ. செருகிய உடனே விண்டோஸ் பல நேரங்களில் ஒலியையும் அதன் வழியாகவே அனுப்பத் தொடங்கும். திரைக்கு ஸ்பீக்கர் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து விண்டோஸ் சாவி, `Ctrl`, `V` மூன்றையும் சேர்த்து அழுத்துவது. ஒலி எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல் திறக்கும். அதில் ஹெட்ஃபோன் அல்லது ஸ்பீக்கர் என்று இருப்பதைத் தொட்டால் பாட்டு விட்ட இடத்திலிருந்து கேட்கும். தொடுவதற்கு முன் ஃபேடரை இறக்கி வைத்து, மெதுவாக ஏற்றுங்கள். பழைய விண்டோஸில் அந்தச் சாவிகள் வேலை செய்யாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி மாற்ற வேண்டும்.

மறுபடி வராமல் தடுக்க `mmsys.cpl` ஜன்னலின் `Playback` பக்கத்தில் எச்.டி.எம்.ஐ. திரையின் பெயரை வலது சொடுக்கில் `Disable` செய்துவிடுங்கள். படம் போகும், ஒலி போகாது. என்னைக் கேட்டால் படக்காட்சிக்கு இன்னொரு லேப்டாப் கேட்டு வாங்கிவிடுவேன். பாட்டு ஓட்டும் லேப்டாப்பில் இரண்டாவது வேலை எதுவும் வைக்கக் கூடாது.

எச்.டி.எம்.ஐ. இல்லை, வழியும் சரிதான், ஆனாலும் மிக்சர் விளக்கு இருட்டு என்றால் ஹெட்ஃபோன் சோதனை. ஹெட்ஃபோனில் கேட்டால் கேபிள் செத்திருக்கிறது, மாற்றுங்கள். விளக்கு எரிந்தும் மண்டபத்தில் சத்தம் இல்லை என்றால் அந்தச் சேனலின் மியூட் பட்டனைப் பாருங்கள். எம்சியின் மைக்கும் சேர்ந்து போயிருந்தால் நீங்கள் தேட வேண்டாம், கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## வாத்தியம் எல்லாம் கேட்கிறது, பாடகரின் குரல் மட்டும் இல்லை

நிறையப் பேரைக் குழப்புவது இதுதான். வயலின், தபேலா, கோரஸ் எல்லாம் கேட்கும், கொஞ்சம் உள்ளீடற்ற மாதிரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், அல்லது வரவே வராது. "யாரோ கரோக்கே போட்டுட்டாங்க" என்று பாட்டை மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்த பாட்டிலும் குரல் இருக்காது.

எளிய காரணம், பிளக் முழுதாக உட்காரவில்லை. லேப்டாப்புக்குக் கெட்டியான உறை போட்டிருந்தால் பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். ஃபேடரை இறக்கி, பிளக்கைச் சுழற்றியபடி 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பாதிச் சிக்கல் இங்கேயே முடியும்.

முடியவில்லை என்றால் கேபிள் வகை தவறு. லேப்டாப்பிலிருந்து வருவது இடம் வலம் என்று இரண்டு ஒலி. அதை ஒரே பெரிய பிளக்கிலோ, மைக் கேபிள் போன்ற மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். பிளக்கிலோ முடியும் அடாப்டரைப் போட்டு மைக் சேனலில் செருகினால், மிக்சர் இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக இருப்பது குரல். கழித்தால் குரல்தான் காணாமல் போகும்.

உறுதி செய்ய ஒரு சோதனை. `Settings`, `Accessibility`, `Audio` என்று போய் `Mono audio` என்பதைப் போடுங்கள். குரலோடு பாட்டும் சேர்ந்து ஏறக்குறைய முழுதாக மறைந்தால் சந்தேகமே இல்லை, கேபிள்தான். சோதித்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

சரியான கேபிள் ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக், மறுபக்கம் இரண்டாகப் பிரிந்து இரண்டு 6.35 மில்லிமீட்டர் மோனோ பிளக். இரண்டையும் மிக்சரின் ஸ்டீரியோ லைன் சேனலிலோ, அடுத்தடுத்த இரண்டு சேனல்களிலோ செருக வேண்டும். கோலாலம்பூரில் புடு பக்கத்து ஜாலான் பசாரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். இரண்டு வாங்குங்கள்.

இரவு எட்டரைக்குக் கடை திறந்திருக்காது. அந்த நேரத்துக்கு ஒரு வழி உண்டு. `mmsys.cpl`, `Playback`, உங்கள் ஹெட்ஃபோன் வழி, `Properties`, `Levels`, `Balance`. அங்கே `R` என்பதைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். கழிப்பதற்கு வலப்பக்கம் ஒன்றும் இல்லாததால் இடப்பக்க ஒலி முழுதாக வரும், குரலும் திரும்பிவிடும். பாட்டின் பாதியைத்தான் நீங்கள் ஒலிக்கிறீர்கள் என்றாலும் இரவை ஓட்ட அது போதும். பழைய திரைப்பாட்டுகளில் சிலவற்றில் மட்டும் ஏதாவது ஒரு வாத்தியம் காணாமல் போகும், காரணம் அது முழுக்க வலப்பக்கம் பதிவாகியிருக்கும்.

சரியான கேபிளில் ஒரு பிளக்கை மட்டும் செருகியிருந்தாலும் இதே போல ஒரு வாத்தியம் காணாமல் போகும். அங்கே `Mono audio` போடுவதே மருந்து. மேலே சோதனைக்குப் போட்ட அதே பட்டன், இங்கே நிரந்தரமாக.

எக்ஸ்.எல்.ஆர். அடாப்டர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிக்சரில் `+48V` என்ற பட்டன் அந்தச் சேனலுக்குப் போடப்பட்டிருந்தால், மைக்குக்கு அனுப்பும் மின்னழுத்தம் லேப்டாப்பின் துளைக்குள் போகும். லேப்டாப்பின் ஒலிப்பகுதி கெட்டுப்போகலாம். செருகுவதற்கு முன் அந்தப் பட்டனைப் பாருங்கள்.

## 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பாட்டுக்கு அடியில் கேட்கிறது

சார்ஜரை லேப்டாப்பிலிருந்து பிடுங்குங்கள். இரைச்சல் அந்தக் கணமே நின்றால் லேப்டாப்பும் மிக்சரும் வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் எர்த்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன. செலவில்லாத வழி, மிக்சர் செருகியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷனில் சார்ஜரையும் செருகுவது. அதுவும் போதாவிட்டால் முக்கியமான பதினைந்து நிமிடங்களுக்கு பேட்டரியில் ஓட்டுங்கள். உரையும் கேக் வெட்டுதலும் முடிந்தபின் சார்ஜரைச் செருகிக்கொள்ளலாம். சாப்பாட்டுச் சத்தத்தில் லேசான இரைச்சல் யார் காதிலும் விழாது. நிலையான தீர்வு, லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் செருகும் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி. அதில் `GND LIFT` என்ற பட்டனை மாற்றினால் இரைச்சல் அடங்கும். மண்டபத்திலேயே பெரும்பாலும் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை முறிப்பது, எர்த்தில்லாத அடாப்டர் வழியாகச் செருகுவது இரண்டையும் சிலர் தந்திரம் என்று சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள். 230 வோல்ட் ஓடும் இடத்தில் அந்த முள்தான் மைக் பிடித்திருக்கும் எம்சியைக் காப்பாற்றுகிறது.

சார்ஜரைப் பிடுங்கியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால், ஃபேடரை இறக்கிப் பாருங்கள். இறக்கியபின்னும் கேட்டால் அது மண்டபத்துடைய இரைச்சல், உங்கள் லேப்டாப்புக்கு அதில் பங்கில்லை.

இரைச்சலாக இல்லாமல் பாட்டே கரகரவென்று கிழிந்து கேட்டால், லேப்டாப்பின் ஒலி 80 விழுக்காடு, மிக்சரில் `LINE` துளை, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் கெயின். இந்த மூன்றும் சரியாக இருந்தால் கிழியாது.

## பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஓட்டை

ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் `Crossfade songs` என்பதை நான்கைந்து வினாடி வைத்தால் ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தொடக்கத்தோடு கலந்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்கு இது நன்றாக இருக்கும். ஆனால் அது செயலி முழுவதற்கும் பொருந்தும் அமைப்பு, பட்டியலுக்குப் பட்டியல் மாறாது. நுழைவுப் பாட்டு, மாலை மாற்றும் பாட்டு போன்று சரியான இடத்தில் தொடங்கி நிற்க வேண்டியவற்றின் போது பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே `Normalize volume` போட்டுவிட்டால் பழைய பாட்டுக்குப் பின் புதுப் பாட்டு வந்து காதைப் பிளக்காது.

தாலிகட்டு நிகழ்ச்சியும் மண்டபத்திலேயே நடந்து, மேளக்காரர்கள் இல்லாமல் கெட்டிமேளத்தையும் பதிவில்தான் போடப்போகிறீர்கள் என்றால், அதை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். தனி ஒலிக்கோப்பாக, தொடக்கத்தில் சொன்ன மாற்றுக் கைப்பேசியில், தொடக்கத்து மௌனம் வெட்டப்பட்டு, ஒரே தொடுதலில் ஓடும்படி இருக்கட்டும். ஐயர் கையசைத்தபின் தேடுவதற்கு நேரம் கிடையாது.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

எம்சி மைக்கும் லேப்டாப்பும் ஒருசேரப் போனால், ஆம்பிளிஃபையரில் `PROTECT` விளக்கு எரிந்தால், ஒரு பக்க ஸ்பீக்கர்கள் மட்டும் செத்துப்போனால், அது மண்டபத்து சவுண்ட்மேனின் வேலை. ஆம்பிளிஃபையரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், கெட்டது இன்னும் கெடும். மைக்கையோ லேப்டாப்பின் உலோக மூடியையோ தொட்டால் சுருக்கென்று கடித்தாலும், கருகல் வாடை வந்தாலும், பிரேக்கர் விழுந்தாலும் பாட்டை மறந்துவிட்டு முதலில் சுவர்ச் சுவிட்சை அணையுங்கள். அதற்கு சவுண்ட்மேன் போதாது, மண்டபத்து எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

கூப்பிடும்போது "பாட்டு வரல" என்று மட்டும் சொல்லாமல் மூன்று விஷயம் சொல்லுங்கள்: லேப்டாப் சேனலின் விளக்கு மினுக்குகிறதா, ஹெட்ஃபோனில் கேட்கிறதா, எம்சி மைக் வேலை செய்கிறதா. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி நேரம் ஃபோனிலேயே முடித்துவிடுவோம். மீதி நேரம் எந்தக் கேபிளோடு வர வேண்டும் என்பதாவது தெரிந்து வருவோம்.